குவாரி மூட்டையில் எத்தனை கிலோ தழைச்சத்து?

வாசகர் கேள்வி:

“ஐயா, திருவட்டாறு பக்கம் பாட்டத்துக்கு நிலம் எடுத்து 800 ஏத்தன் வாழை நட்டிருக்கிறேன். மரத்துக்கு 150 கிராம் தழைச்சத்து போடச் சொல்லியிருக்கிறார்கள். கடையில் யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுதான், ஆனால் கூடவே 400 ரூபாய்க்கு நுண்ணூட்ட டப்பா வாங்கினால்தான் தருகிறார்கள். கல் குவாரியில் வேலை பார்த்த ஒருவர், 50 கிலோ அம்மோனியம் நைட்ரேட் மூட்டை 900 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். யூரியாவில் பாதி காற்றில் போய்விடும், இதில் ஒன்றும் போகாது, மூட்டையிலும் 5 கிலோ கூடுதல் என்கிறார். பிளஸ் டூ படிக்கும் மகன், இரண்டிலும் மூலக்கூறுக்கு இரண்டு நைட்ரஜன்தான், சத்து சமம் என்கிறான். 500 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். வாங்கி வீட்டுக் கொட்டகையில் இறக்கலாமா? எது லாபம்?”

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

கணக்கைப் பின்னால் பார்க்கலாம். அதற்கு முன், அந்த மூட்டைகளை இறக்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். உரிமம் இல்லாமல் அம்மோனியம் நைட்ரேட்டை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். அது ஏன் என்பதற்கான காரணமும், எது லாபம் என்ற உங்கள் கேள்விக்கான விடையும் ஒரே கணக்கிலிருந்து கிடைக்கின்றன. ஆகவே, அந்தக் கணக்கைச் சற்று நிதானமாகவே எழுதுகிறேன். மகனையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

இரண்டு நைட்ரஜன், ஆனால் எடை வேறு

உங்கள் மகன் சொன்னதில் முதல் பாதி முழுக்கச் சரி. யூரியாவின் வாய்ப்பாடு CO(NH2)2, அம்மோனியம் நைட்ரேட்டின் வாய்ப்பாடு NH4NO3. இரண்டிலும் மூலக்கூறு ஒன்றுக்கு இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன, தழைச்சத்து என்று நாம் சொல்வது இந்த நைட்ரஜனைத்தான். ஆனால் நாம் கடையில் உரத்தை மூலக்கூறுகளாக எண்ணி வாங்குவதில்லை, கிலோவாக நிறுத்து வாங்குகிறோம். அதனால் அந்த இரண்டு நைட்ரஜன்களையும் எவ்வளவு பெரிய சுமை சுற்றியிருக்கிறது என்பதைப் பார்த்தாக வேண்டும்.

அணு எடைகளை முழு எண்களாகவே எடுத்துக்கொள்வோம்: நைட்ரஜன் 14, கார்பன் 12, ஆக்சிஜன் 16, ஹைட்ரஜன் 1. யூரியாவில் ஒரு கார்பனுக்கு 12, ஒரு ஆக்சிஜனுக்கு 16, இரண்டு நைட்ரஜனுக்கு 28, நான்கு ஹைட்ரஜனுக்கு 4, மொத்தம் 60. அம்மோனியம் நைட்ரேட்டில் இரண்டு நைட்ரஜனுக்கு அதே 28, நான்கு ஹைட்ரஜனுக்கு அதே 4, ஆனால் ஆக்சிஜன் மூன்று, அதற்கு 48. ஆக மொத்தம் 80.

மேலே இருக்கும் எண் இரண்டுக்கும் 28தான். கீழே இருக்கும் எண் ஒன்றுக்கு 60, மற்றொன்றுக்கு 80. 28ஐ 60ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 46.7 சதவீதம். 28ஐ 80ஆல் வகுத்தால் 35 சதவீதம். இதுதான் நிறை சதவீதம், அதாவது நூறு கிலோ சரக்கில் எத்தனை கிலோ தழைச்சத்து என்பது. யூரியா மூட்டையில் 46 என்று அச்சிட்டிருப்பதற்குக் காரணம், ஆலையிலிருந்து வரும் சரக்கு வேதியியல் புத்தகத்தில் உள்ளதைப் போல நூறு சதவீதம் தூய்மையாக இருப்பதில்லை. கொஞ்சம் ஈரமும், பையூரெட் என்ற துணைப்பொருளும் அதில் இருக்கும். அதேபோல அம்மோனியம் நைட்ரேட்டையும் 34 என்று வைத்துக்கொள்வது நியாயம்.

60க்கும் 80க்கும் உள்ள உறவை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், காகிதமே தேவைப்படாது. 3 கிலோ யூரியாவில் உள்ள தழைச்சத்தும் 4 கிலோ அம்மோனியம் நைட்ரேட்டில் உள்ள தழைச்சத்தும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே கிலோ யூரியாவின் விலையில் முக்கால் பங்குக்கு அம்மோனியம் நைட்ரேட் கிடைத்தால்தான் இரண்டும் சமவிலை. யூரியா கிலோ 40 ரூபாய்க்கு விற்கும் ஒரு நாட்டில் அம்மோனியம் நைட்ரேட் 30 ரூபாய்க்கு விற்றால், அங்குள்ள விவசாயிக்கு விலையைப் பொறுத்தவரை எதுவானாலும் ஒன்றுதான். பிரிட்டன் போன்ற நாடுகளில் 34.5 சதவீத அம்மோனியம் நைட்ரேட்டை உரமாகவே விற்கிறார்கள். அங்கே விவசாயிகள் இந்த ஒப்பீட்டைச் செய்துவிட்டுத்தான் எதை வாங்குவது என்று முடிவு செய்கிறார்கள்.

இனி உங்கள் இரண்டு மூட்டைகளுக்கு வருவோம். 45 கிலோ யூரியாவை 0.46ஆல் பெருக்கினால் 20.7 கிலோ தழைச்சத்து. 50 கிலோ அம்மோனியம் நைட்ரேட்டை 0.34ஆல் பெருக்கினால் 17 கிலோ. அதாவது, 5 கிலோ கூடுதல் என்று அவர் காட்டும் மூட்டைக்குள் 3.7 கிலோ சத்து குறைவாக இருக்கிறது. வீட்டுக்குத் தூக்கிச் செல்லும் அந்தக் கூடுதல் எடை முழுக்க ஆக்சிஜன்.

ஒரு கிலோ தழைச்சத்து என்ன விலை

மூட்டை விலையை மூட்டையில் உள்ள தழைச்சத்தால் வகுக்க வேண்டும். யூரியாவுக்கு 266.50ஐ 20.7ஆல் வகுத்தால், ஒரு கிலோ தழைச்சத்து 12 ரூபாய் 87 காசு. குவாரி மூட்டைக்கு 900ஐ 17ஆல் வகுத்தால் 52 ரூபாய் 94 காசு. நான்கு மடங்குக்கும் அதிகம். இந்த வித்தியாசத்தில் ஒரு பகுதிதான் வேதியியலால் வருவது. பெரும்பகுதி, அரசு யூரியாவுக்குக் கொடுக்கும் மானியத்தால் வருவது. 45 கிலோ மூட்டைக்கு 242 ரூபாய் என்று விலையை நிர்ணயித்து, வேப்பெண்ணெய்ப் பூச்சுக்கான கட்டணத்தையும் வரியையும் சேர்த்து 266.50க்குத் தருகிறார்கள். உண்மையான உற்பத்திச் செலவு அதைவிடப் பல மடங்கு.

ஆனால் நீங்கள் உண்மையில் கொடுப்பது 266.50 இல்லையே. நுண்ணூட்ட டப்பாவையும் சேர்த்தால் 666.50. டப்பாவை நீங்கள் விரும்பி வாங்கவில்லை, அது யூரியாவுக்காகக் கொடுத்த விலைதான் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ தழைச்சத்து 32 ரூபாய் 20 காசு ஆகிறது. உங்கள் மண்ணுக்குத் துத்தநாகமோ போரானோ தேவை என்று மண் பரிசோதனையில் வந்திருந்தால், டப்பாவின் விலையை வேறு கணக்கில் எழுதலாம். இல்லையென்றால் முழுவதையும் யூரியாவின் தலையில்தான் வைக்க வேண்டும்.

குவாரிக்காரர் சொல்வதையும் அலட்சியப்படுத்தாமல் இந்தக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். அவர் சொல்வது போல யூரியாவில் சரிபாதி காற்றில் போகிறது, நைட்ரேட்டில் ஒரு கிராம்கூட வீணாகவில்லை என்று முழுவதையும் ஒப்புக்கொள்வோம். அப்போது மரத்துக்குப் போய்ச் சேரும் தழைச்சத்தின் விலை, டப்பா இல்லாத யூரியாவில் 12.87ஐ பாதியால் வகுக்க 25 ரூபாய் 74 காசு. நைட்ரேட்டின் 52.94ஐ அது நெருங்கவே இல்லை. டப்பாவோடு வாங்கிய யூரியாவில் மட்டும் 64 ரூபாய் 40 காசு ஆகிவிடுகிறது. அந்த ஒரு நிலையில் நைட்ரேட் மலிவாகத் தெரிகிறது.

எந்த இடத்தில் முடிவு மாறுகிறது என்பதையும் கணக்கிட்டுவிடலாம். டப்பா இல்லாத யூரியாவில் நூற்றுக்கு 75 பங்குக்கு மேல் வீணானால்தான் நைட்ரேட் வெல்லும். வாழைத் தோட்டத்தில் எவ்வளவு கவனக்குறைவாகப் போட்டாலும் அவ்வளவு போவதை நான் பார்த்ததில்லை. டப்பாவோடு வாங்கினால் அந்த எல்லை 39 பங்காகக் குறைந்துவிடுகிறது. ஆக, உங்களைக் குவாரி மூட்டையின் பக்கம் தள்ளியது யூரியாவின் குறை என்று நினைத்துவிடாதீர்கள். கடைக்காரர் திணித்த 400 ரூபாய்தான் தள்ளியது.

800 மரத்துக்கு ஆண்டுக் கணக்கு இப்படி வரும். 150 கிராம் வீதம் 120 கிலோ தழைச்சத்து வேண்டும். அதற்கு யூரியா 261 கிலோ, அதாவது 6 மூட்டைக்குச் சற்றுக் குறைவு. 6 மூட்டைக்கு 1,599 ரூபாய். ஒவ்வொன்றோடும் டப்பா திணிக்கப்பட்டால் 3,999 ரூபாய். அம்மோனியம் நைட்ரேட்டானால் 353 கிலோ, அதாவது 7 மூட்டை, 6,300 ரூபாய். ஏழு மூட்டையிலும் 119 கிலோதான் இருக்கும், ஒரு கிலோ குறையும்.

இந்த ஒப்பீட்டில் குவாரி மூட்டைக்கு நான் கொடுத்த 34 சதவீதம் ஒரு சலுகை என்பதையும் சொல்ல வேண்டும். உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985இன் கீழ் விற்கப்படும் உர மூட்டையில் சத்தின் அளவை அச்சிட வேண்டும், அது குறைந்தால் விற்றவர் பதில் சொல்ல வேண்டும். குவாரியிலிருந்து வெளியே வந்த சாக்குக்கு அப்படி எந்தப் பொறுப்பாளியும் இல்லை. மேலும் அம்மோனியம் நைட்ரேட் ஈரத்தை இழுக்கும். 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 59 சதவீதத்தைத் தாண்டினாலே அது நீரை உறிஞ்சத் தொடங்கிவிடும். யூரியாவுக்கு இந்த எல்லை 70க்கு மேல். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்கிற நம் மாவட்டத்தில் காற்று 59க்குக் கீழே இருக்கும் நாள்கள் மிகக் குறைவு. 50 கிலோ சரக்கு 2 கிலோ நீரைக் குடித்திருந்தால், அதே 17 கிலோ தழைச்சத்து 52 கிலோவில் பரவி, சதவீதம் 32.7 ஆகிவிடும். அதை நிறுத்து 50 கிலோவாகத் தந்தால், நீங்கள் 900 ரூபாய்க்கு வாங்குவது 16.35 கிலோ. மூட்டையைத் தட்டிப் பார்த்தால் கல்லாக இறுகியிருப்பதும், சாக்கின் அடியில் ஈரத் தடம் படிந்திருப்பதும் இதற்கு அடையாளம்.

காற்றில் போவதும் மண்ணுக்குள் போவதும்

யூரியாவில் ஒரு பங்கு காற்றில் போகிறது என்பது பொய்யில்லை. மண்ணில் உள்ள யூரியேஸ் என்ற நொதி, ஈரம் கிடைத்ததும் யூரியாவை அம்மோனியம் கார்பனேட்டாக மாற்றுகிறது. அப்போது குருணையைச் சுற்றியுள்ள மண்ணின் காரத்தன்மை சட்டென்று உயர்கிறது, அம்மோனியா வாயு வெளியேறுகிறது. குமரியின் செம்மண் பெரும்பாலும் அமிலத்தன்மை உள்ளது என்றாலும், குருணைக்கு மிக அருகில் இந்த மாற்றம் நடக்கவே செய்யும். வாழைச் சருகின் மேல் தூவினால் இழப்பு இன்னும் அதிகம், ஏனென்றால் அழுகும் சருகில் இந்த நொதி மண்ணைவிட நிறைய இருக்கிறது. உரம் போட்ட இரண்டாம் மூன்றாம் நாள் காலையில், மரத்தடியில் குனிந்து சருகைப் புரட்டும்போது மூக்கைக் குத்தும் நெடி வந்தால், உங்கள் பணம் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.

ஆனால் இது யூரியாவின் மாற்ற முடியாத குணம் என்று அவர் சொன்னதுதான் தவறு. மண்ணுக்குள் இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் போட்டு மூடிவிட்டால், வெளியேறும் அம்மோனியாவை ஈர மண்ணே பிடித்துவைத்துக்கொள்ளும். இழப்பு பெருமளவு குறைந்துவிடும்.

நைட்ரேட்டில் ஒன்றும் போகாது என்பதும் அதே அளவு தவறு. அம்மோனியம் நைட்ரேட்டின் 28இல் 14 அம்மோனியமாகவும் 14 நைட்ரேட்டாகவும் இருக்கிறது. அம்மோனியம் நேர்மின்னூட்டம் உள்ளது, மண்ணின் களித்துகள்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். நைட்ரேட் எதிர்மின்னூட்டம் உள்ளது, மண்ணில் அதைப் பிடித்துவைக்க அநேகமாக எதுவுமில்லை. அதனால்தான் வேர் அதை உடனே எடுத்துக்கொள்கிறது, இலை நான்கைந்து நாளில் கறுத்துப் பச்சை கட்டுகிறது, விவசாயிக்கு அதன் மேல் நம்பிக்கை வருகிறது. ஆனால் மறுநாளே ஒரு கனமழை பெய்தால், பிடிப்பில்லாத அந்தப் பாதி நீரோடு வேருக்குக் கீழே இறங்கிவிடும். நீர் தேங்கி நிற்கும் இடமானால், காற்றில்லாத மண்ணில் நுண்ணுயிர்கள் அதை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றிவிடும். ஐப்பசி கார்த்திகையில் திருவட்டாறு பக்கம் பெய்கிற மழையில் எந்தப் பாதி அதிகம் வீணாகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். யூரியாவும் நாளடைவில் நைட்ரேட்டாகத்தான் மாறுகிறது, ஆனால் படிப்படியாக மாறுகிறது. மேலே பூசியிருக்கும் வேப்பெண்ணெய் அந்த மாற்றத்தை இன்னும் மெதுவாக்குகிறது.

அந்த ஆக்சிஜனும் சட்டமும்

80இல் 48 ஆக்சிஜன் என்று மேலே பார்த்தோம், அதாவது நிறையில் 60 சதவீதம். யூரியாவில் அது 60இல் 16, வெறும் 27 சதவீதம். உரம் வாங்குகிறவருக்குப் பயனில்லாத இந்த ஆக்சிஜன்தான் பாறையை வெடிவைத்து உடைப்பவருக்குத் தேவைப்படுவது. குவாரியில் அம்மோனியம் நைட்ரேட் இருப்பதன் காரணம் அதுவே. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் வெடித்தது, கிடங்கில் கிடந்த சுமார் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட்.

இந்தியாவில் வெடிபொருள் சட்டம் 1884இன் கீழ் 2012ஆம் ஆண்டு அம்மோனியம் நைட்ரேட் விதிகள் கொண்டுவரப்பட்டன. உற்பத்தி, விற்பனை, வாங்குதல், கொண்டு செல்லுதல், வைத்திருத்தல் எல்லாவற்றுக்கும் உரிமம் வேண்டும். பிரித்தெடுக்க முடியாதபடி அம்மோனியம் நைட்ரேட் சேர்ந்திருக்கும் உரங்களுக்குத்தான் இந்த விதிகளிலிருந்து விலக்கு. குவாரிக்கு என்று கணக்கில் வந்த சரக்கு வெளியே வருகிறது என்றால், அது கணக்கில் வராமல் கடத்தப்பட்டது. அவர் மாட்டினால், சரக்கு எங்கே போனது என்ற விசாரணை உங்கள் கொட்டகை வரை வரும். வாழைக்குப் போடத்தான் வாங்கினேன் என்பது உண்மையாக இருந்தாலும், உரிமம் இல்லாமல் வைத்திருந்த குற்றத்திலிருந்து அது உங்களை விடுவிக்காது. சிறைத்தண்டனை விதிக்க வழியுள்ள குற்றம் இது. நிலம் பாட்டத்துக்கு எடுத்தது என்பதால் நிலத்துக்காரரும் சேர்ந்து அலைய நேரிடும்.

முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள். 500 ரூபாயை மீட்பதற்காக ஒரே ஒரு மூட்டையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று சமரசத்துக்குப் போக வேண்டாம். ஒரு மூட்டைக்கும் உரிமம் வேண்டும்.

நைட்ரேட் வடிவத் தழைச்சத்து உங்களுக்கு வேண்டியே தீரும் என்றால், கால்சியம் அம்மோனியம் நைட்ரேட் என்ற உரம் சட்டப்படி கிடைக்கிறது. சுண்ணாம்பு சேர்த்த சரக்கு அது, தழைச்சத்து 25 சதவீதம். கடையில் அதன் விலையைக் கேட்டுவிட்டு, கிலோ விலையை 0.25ஆல் வகுத்துப் பாருங்கள். யூரியாவின் 12 ரூபாய் 87 காசுக்குச் சமமாக வேண்டுமென்றால் அது கிலோ 3 ரூபாய் 22 காசுக்குக் கிடைக்க வேண்டும். அந்த விலைக்கு யாரும் தரமாட்டார்கள். குளிர்ந்து ஈரமாக இருக்கும் காலத்தில் பின்தங்கிய கன்றுகளை உடனே தூக்கிவிடுவதற்கு ஒரு தவணை கொடுக்கலாம் என்பதைத் தவிர, 800 மரத்துக்கும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதை வாங்கினாலும் யூரியாவோடு ஒரே வாளியில் கலக்காதீர்கள். அம்மோனியம் நைட்ரேட்டும் யூரியாவும் சேர்ந்த கலவை, 30 டிகிரியில் ஈரப்பதம் 18 சதவீதம் இருந்தாலே நீரை இழுக்கும். தனித்தனியே 59ம் 70க்கு மேலும் இருந்த எல்லை, சேர்ந்ததும் 18க்கு இறங்கிவிடுகிறது. நான் பணியில் இருந்த காலத்தில், காலையில் இரண்டையும் கலந்து வரப்பில் வைத்துவிட்டுக் கஞ்சி குடிக்கப் போனவர் ஒருவர், திரும்பி வந்து பார்த்தபோது வாளி முழுவதும் கூழாகக் கிடந்தது. தகர வாளியின் அடியைத் தட்டித் தட்டி எடுத்தும் பாதி வெளியே வரவில்லை.

கடையில் என்ன செய்யலாம்

யூரியா வேண்டுமென்றால் வேறு பொருளையும் வாங்கியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசு விற்பனையாளர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றம். கையிருப்பையும் விலையையும் பலகையில் எழுதி வைக்க வேண்டும், விற்றதற்கு ரசீது தர வேண்டும். ஆதார் எண்ணைக் கொடுத்து விரலை வைத்ததும் கருவியிலிருந்து வரும் சீட்டை விடாமல் வாங்குங்கள். அதில் யூரியா மட்டும் இருக்கும். டப்பாவுக்குத் தனிச் சீட்டு தந்தார்களா, தாளில் கிறுக்கித் தந்தார்களா, ஒன்றுமே தரவில்லையா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் இணைத்து, தேதியும் நேரமும் எழுதி, உங்கள் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்ன புகாரைவிட, சீட்டு இணைத்த புகாரின் மேல் உர ஆய்வாளர் நடவடிக்கை எடுப்பது எளிது.

அதற்குள் தவணை தவறிவிடும் என்றால், கூட்டுறவுச் சங்கத்தில் எப்போது சரக்கு வரும் என்று விசாரித்து, இரண்டு மூன்று தவணைக்கு வேண்டியதைச் சேர்த்தே வாங்கி வைத்துவிடுங்கள். யூரியாவைத் தரையில் வைக்காமல் மரப்பலகையின் மேல், சுவரிலிருந்து தள்ளி, வாயைக் கட்டி வைத்தால் மழைக்காலத்திலும் மூன்று மாதம் தாங்கும். அப்படியும் கிடைக்காமல், ஒரே ஒரு முறை டப்பாவோடு வாங்க நேர்ந்தாலும், கிலோ தழைச்சத்து 32 ரூபாய் 20 காசுதான். குவாரி மூட்டையின் 52.94ஐவிட அது 20 ரூபாய்க்கு மேல் குறைவு.

மரத்தடியில்

உங்கள் எண்ணிக்கைக்கு ஒரு வசதி இருக்கிறது. 150 கிராமை ஆறு தவணையாகப் பிரித்தால் தவணைக்கு 25 கிராம் தழைச்சத்து. அதை 0.46ஆல் வகுத்தால் 54 கிராம் யூரியா. ஒரு முழு மூட்டையை 800 மரத்துக்குப் பங்கிட்டால் மரத்துக்கு 56 கிராம் வரும். அதாவது ஒரு தவணைக்கு ஒரு மூட்டை, பிரித்த மூட்டை மிச்சம் விழாது, ஈரம் இழுக்கவும் இடமில்லை. இரண்டு கிராம் கூடுவதால் ஒன்றும் கெட்டுவிடாது.

56 கிராமைக் கைப்பிடியாக அளக்க வேண்டாம். உங்கள் கைப்பிடிக்கும் வேலையாளின் கைப்பிடிக்கும் இருபது கிராம் வித்தியாசம் வரும், பாதித் தோட்டத்திலேயே மூட்டை தீர்ந்துபோகும். ஒரு சிறிய சிரட்டையை எடுத்து, பலசரக்குக் கடையின் மின்னணுத் தராசில் வைத்து 56 கிராம் யூரியா போட்டு, அது எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கே உள்பக்கம் ஆணியால் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். பாஸ்பேட் உரத்துக்கோ பொட்டாசுக்கோ அதே கோட்டைப் பயன்படுத்தக் கூடாது. கொள்ளளவு ஒன்றாக இருந்தாலும் அவற்றின் எடை வேறு.

மரத்திலிருந்து ஒன்றரை முதல் இரண்டு அடி தள்ளி, சருகை ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் வட்டமாகக் கீறி, யூரியாவைத் தூவி, மண்ணை இழுத்து மூடி, அதன் பிறகு சருகைத் திரும்பப் போடுங்கள். மண் காய்ந்திருந்தால் அன்றே மிதமாக நீர் விடுங்கள். கனமழை வரும் என்று தெரிந்தால் இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். கரைந்த யூரியா, மாற்றம் அடையும் முன்பே வெள்ளத்தோடு போய்விடும். மூன்றாம் நாள் காலையில் நான்கைந்து மரத்தடியில் மட்டும் சருகைப் புரட்டி முகர்ந்து பாருங்கள். நெடி இல்லையென்றால் மூடியது போதும். எங்காவது நெடி அடித்தால், அந்த வரிசையில் வேலை செய்தவரை அழைத்து, அடுத்த தவணைக்கு முன் எவ்வளவு ஆழம் என்பதை நேரில் வெட்டிக் காட்டிவிடுங்கள்.

இந்த 150 கிராமில், பாஸ்பேட்டுக்காக நீங்கள் போடும் உரத்தில் உள்ள தழைச்சத்தும் அடங்கும். டிஏபி போடுகிறவராக இருந்தால் அதில் 18 சதவீதம், ஃபாக்டம்பாஸ் போடுகிறவராக இருந்தால் 20 சதவீதம் தழைச்சத்து ஏற்கெனவே இருக்கிறது. போட்ட கிலோவை அந்தச் சதவீதத்தால் பெருக்கி, 120 கிலோவில் கழித்துவிட்டு, மீதியை 0.46ஆல் வகுத்தால்தான் உங்களுக்கு உண்மையில் எத்தனை கிலோ யூரியா வேண்டும் என்பது தெரியும். ராக் பாஸ்பேட் மட்டும் போட்டால் கழிப்பதற்கு எதுவும் இல்லை, ஆறு மூட்டையும் வேண்டும். எந்த உரத்தை எவ்வளவு போட்டீர்கள் என்ற பட்டியலோடு திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். மண் பரிசோதனை முடிவு இருந்தால் அதையும் கையோடு கொண்டு செல்லுங்கள். நுண்ணூட்ட டப்பா உங்களுக்குத் தேவையா என்பதையும் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.